சம்பந்தி மாமாவுக்கு ஒரு பாட்டு

தேங்காய் உருண்டு வருகிறது. ஜமக்காளத்தின் சிவப்புப் பட்டைமேல் நேராக வந்த தேங்காய் பாதி வழியில் மனசு மாறிய மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மௌலியின் முழங்காலைத் தாண்டி வீடியோக்காரரின் காலடிக்குப் போய் நிற்கிறது. எல்லோரும் ஓ என்று கத்துகிறார்கள். நானும் கத்துகிறேன். கத்துவது வாய் மட்டும்தான், மனசு மூன்றாவது பாட்டில் நிற்கிறது, அதைத் தள்ளினாலும் நகரமாட்டேன் என்கிறது. காலையில் தாலி கட்டி முடிந்தாயிற்று, மத்தியானச் சாப்பாடு முடிந்தாயிற்று, இப்போது மணி நாலு, திருச்சி தில்லைநகரில் இந்தக் கல்யாண மண்டபத்தின் இரண்டாம் மாடி ஹாலில் நலங்கு. என் சித்தி பெண் அபர்ணா ஒரு பக்கம், அவளுக்கு இன்று காலை எட்டேகாலிலிருந்து புருஷனாக இருக்கிற மௌலி எதிர்ப்பக்கம், நடுவில் தேங்காய். அவள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் ஐந்து பேர், பெரியப்பா பெண் சித்தப்பா பெண் மாமா பெண் என்று. அவன் முதுகுக்குப் பின்னால் அவன் மனுஷர்கள். மூன்று தடவை தேங்காய் உருட்டியானதும் அபர்ணா அவன் காலில் நலங்கு வைப்பாள், அவள் வைக்கிறபோது நாங்கள் பாட ஆரம்பிக்கவேண்டும். பாட்டு என்னுடையது. ஐந்து பாட்டு, ஒரே மெட்டு, கும்மி மெட்டு, அதுதான் சுலபம், கேட்கிறவர்களுக்கும் இரண்டாவது வரியிலேயே கை தானாகத் தட்டும். முதல் பாட்டு மாப்பிள்ளைக்கு. இரண்டாவது சம்பந்தி மாமிக்கு. மூன்றாவது சம்பந்தி மாமாவுக்கு. நாலாவது நாத்தனார் வித்யாவுக்கு. ஐந்தாவது சொன்னதெல்லாம் சும்மா, கோபிக்காதேங்கோ என்று காலில் விழுகிற பாட்டு. மூன்றாவதுதான் நன்றாக வந்திருந்தது. மூன்றாவதைத்தான் பாடக்கூடாது. இதைத் தெரிந்துகொண்டு ஒரு மணி நேரம்தான் ஆகிறது, அதற்குள் மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு காரணமும் இல்லாமல்.

கை அலம்புகிற இடத்தில்தான் வித்யா சொன்னாள். இலையிலிருந்து எழுந்து போய் நின்றேன், பக்கத்துக் குழாயில் அவள். மூன்று மாசமாக ஃபோனில் பேசிப் பேசி நாத்தனார் என்பதே மறந்து சிநேகிதியாகிவிட்டாள். அவள்தான் என் உளவாளி. கேலிப் பாட்டு எழுத அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் கல் எறிகிற மாதிரி. மௌலிக்கு ஃபோன் பைத்தியம், அம்மாவுக்கு எந்தக் காப்பியும் போதாது, அப்பா எங்கே போனாலும் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார், எல்லாம் அவள் கொடுத்த சரக்கு. பாட்டை மட்டும் முன்னாடியே சொல்லிடாதே, நான் அங்கே உக்காந்து கேக்கணும் என்று சத்தியம் வாங்கியிருந்தாள். குழாயடியில் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சிரித்தாள். "அப்பாவைப் பாத்தியா? நாளைக் கார்த்தால கிளம்பறதுக்கு இப்பவே பெட்டி கட்டி வெச்சுட்டார்." நானும் சிரித்தேன், மூன்றாவது பாட்டு வாய்க்குள் தயாராக இருந்தது, இன்னும் கொஞ்சத்தில் உளறியிருப்பேன். அவள் கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "முன்னெல்லாம் இப்படி இல்லையாம். சிவகங்கைல வாத்தியாரா இருந்தப்போ தாத்தாவுக்கு முடியலைன்னு ஃபோன் வந்துருக்கு. ஆறு மணி வண்டி. ஒரு வேஷ்டியை மடிச்சு வெச்சுண்டு போறேன்னு நின்னாராம். ரெண்டு நிமிஷத்துல வண்டி போயிடுத்து. பஸ் பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் ஆயிடுத்து. முகத்தைப் பாக்கலை." யாரோ வித்யா வித்யா என்று கூப்பிட்டார்கள், சம்பந்தி அறையிலிருந்து. போய்விட்டாள். குழாயை மூட மறந்துபோய் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு மணி. நான் ஆறு மணி என்றுதான் எழுதியிருக்கிறேன். வேறு எந்தக் காரணமும் கிடையாது, ஆறு என்பது மெட்டில் உட்கார்ந்தது, ஏழு உட்காரவில்லை, எட்டு இடித்தது.

*ஆறு மணிக்கொரு ரயிலுக்கு மாமா*
*மூணு மணிக்கே முழிச்சுப்பாராம் – அந்த*
*ஸ்டேஷன் மாஸ்டர் வருமுன்னே போய்ச்*
*சிக்னல் விளக்கைத் துடைப்பாராம்!*

எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன் இதை. அலுவலகத்தில், ஒரு மீட்டிங்கில், யாரோ எதையோ திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது சிக்னல் விளக்கு வந்தது, துடைப்பாராம் வந்தது, நான் தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இதில் ஒரு குற்றமும் இல்லை, எழுதும்போது என் சட்டம் எதையும் நான் மீறவில்லை. சட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறேன். பச்சை அட்டை நோட்டில் முதல் பக்கத்தில். உடம்பைத் தொடாதே, நிறம் பல் வழுக்கை எதுவும். சம்பளம் தொடாதே. குழந்தை இல்லாததைத் தொடாதே, முன்னால் பேசி முறிந்த சம்பந்தத்தைத் தொடாதே, போனவர்களைத் தொடாதே. சொல்கிற விஷயம் அந்த மனுஷர் தானே நாலு பேரிடம் சிரித்துச் சொல்லிக்கொள்கிற விஷயமாக இருக்கவேண்டும். பாட்டில் யார் பேர் வருகிறதோ அவர்தான் முதலில் சிரிக்கவேண்டும், மற்றவர்கள் அப்புறம். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, ஒரு துண்டு சொல்லிக் கொடுத்தது. எனக்குப் பத்தொன்பது வயசு, பெரியப்பா பெண் கல்யாணம், முதல்முதலாக நான் எழுதின பாட்டு. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தர் இரண்டு நாளும் மேடைப் பக்கமே வரவில்லை, கடைசி வரிசை நாற்காலியிலேயே இருந்தார். *மேடை ஏறாத மாமிக்கு நாங்க ஏணி கொண்டாந்து போடட்டுமா* என்று பாடிவிட்டேன். மற்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், அவர்தான் முதலில் சிரித்தார், ரொம்பச் சத்தமாக. பிறகு ஒரு வேலையாக உள்ளே போனேன், அவர் ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. புருஷன் போய் ஆறு மாசம் என்று அப்புறம்தான் தெரிந்தது, யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லையாம், அவராகவே ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். இருபது வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கும் மடித்த துண்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அந்த மாமி சிரித்தாரே, ஏன் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே காலில் விழுந்திருக்கலாம்.

இரண்டாவது தேங்காய் நேராகப் போய் மௌலியின் கையில் சேர்ந்துவிட்டது. அவன் பக்கம் கைதட்டுகிறார்கள். என் பக்கத்தில் யமுனா, மாமா பெண், எங்கள் ஐந்து பேரில் குரல் உள்ளவள், நான் முதல் வரி எடுத்தால் அவள்தான் மற்ற மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு பின்னால் வருவாள். அவள் காதில் குனிகிறேன், மல்லிகைப்பூ மூக்கில் இடிக்கிறது. "மூணாவது வேண்டாம்டி." "எது?" "ரயில் பாட்டு. விட்டுட்டு நேரா வித்யா பாட்டுக்குப் போயிடலாம்." அவள் என்னைப் பார்க்கிற பார்வை, நான் அவள் தட்டிலிருந்து ஜாங்கிரியை எடுத்துவிட்ட மாதிரி. "அக்கா, அதுதானே நன்னாயிருக்கு! ஏன்?" "வேண்டாம்னா வேண்டாம். அப்புறம் சொல்றேன்." அவளிடம் சொன்னால் ஆயிற்றா, இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். வாட்ஸாப்பில் எங்கள் குழுவில் போட்டேன், மூணாவது வேண்டாம், மூணாவதை விட்டுடுங்கோ, கொட்டை எழுத்தில். யார் பார்த்தார்கள். மூன்று ஃபோனும் உசரத்தில் இருக்கின்றன, தேங்காயை வீடியோ எடுத்துக்கொண்டு. மூன்றாவது தேங்காய் போகிறது. யாரோ அபர்ணாவிடம் வெள்ளிக் கிண்ணத்தை நீட்டுகிறார்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்பாகக் குழைத்த நலங்கு. அவள் மௌலியின் வலது பாதத்தைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு விரலால் ஓரமாகக் கோடு இழுக்கிறாள். அவன் காலை இழுத்துக்கொள்கிறான், கூச்சம். அவள் ஒரு அடி வைக்கிறாள் அவன் கணுக்காலில், செல்லமாக. இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் சோறு ஊட்டியிருக்கிறேன். யமுனா என் தொடையைக் கிள்ளுகிறாள், ஆரம்பி. ஆரம்பிக்கிறேன்.

*மாப்பிள்ளை கையில ஃபோனிருக்கு – அதில்*
*மாசம் முழுக்கச் சார்ஜிருக்கு – எங்க*
*பொண்ணு முகத்தைப் பாக்கச் சொன்னா*
*ஃபோட்டோ எடுத்துப் பாப்பாராம்!*

மௌலியின் கை உண்மையாகவே சட்டைப் பைக்குப் போய்க்கொண்டிருந்தது, பாட்டைக் கேட்டு நடுவழியில் நின்றுவிட்டது. அவன் சிநேகிதர்கள் விசில் அடிக்கிறார்கள். அவன் முதலில் சிரித்தான், நல்லது, ஒன்று தாண்டியாயிற்று. இரண்டாவது தடவை அதே பாட்டு, இப்போது யமுனா எடுத்து நாங்கள் கூடப் பாடுகிறோம், கேலிப் பாட்டை எப்போதும் இரண்டு தரம் பாடவேண்டும். முதல் தரம் சொல் போய்ச் சேரும், இரண்டாம் தரம்தான் சிரிப்பு வரும். அபர்ணா சீப்பை எடுத்து அவன் தலையை வாருகிறாள், கண்ணாடி காட்டுகிறாள், அவன் கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் அவளைப் பார்க்கிறான். நான் சம்பந்தி மாமியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறேன். முன்கூட்டிக் கும்பிடுவதும் என் சட்டம்தான்.

*காப்பி கொடுத்தா சூடு போதாது*
*சூடாக் கொடுத்தா டிகாஷன் போதாது*
*டிகாஷன் விட்டா டம்ளர் போதாது – மாமிக்கு*
*அண்டாவைத் தூக்கிண்டு வாங்கோடி!*

லலிதா மாமி, மௌலியின் அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள், தோள் குலுங்குகிறது. "இது எந்தக் கழுதை சொல்லிக் கொடுத்தது?" என்று வித்யாவின் பக்கம் திரும்புகிறாள், வித்யா கூரையைப் பார்க்கிறாள். மாமிக்குப் பக்கத்து நாற்காலியில் பஞ்சாபகேசன் மாமா. எனக்கு இப்போது அவரைப் பார்க்கவேண்டாம், பார்த்துவிட்டேன். முதல் வரிசையில் நடு நாற்காலி. வெள்ளை அரைக்கை சட்டை, மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மாமிக்குப் பாட்டு முடிந்ததும் தொண்டையைச் செருமிச் சட்டை நுனியைச் சரிசெய்துகொள்கிறார். ஃபோட்டோ எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தவர்கள் செய்கிற மாதிரி. அவர் தயாராகிறார். ஐயோ, தனக்கு வரப்போகிறது என்று தயாராகிறார். அண்டா இரண்டாம் தரமும் முடிகிறது, இன்னும் நாலு தட்டு கை, இடைவெளி விட்டால் பின்னாலிருக்கிற மூன்றும் ஆறு மணிக்கொரு என்று ஆரம்பித்துவிடும், மூச்சைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பாய்கிறேன், சுருதி எங்கேயோ மேலே போய்விட்டது.

*நாத்தனார் புடவைக்கு நாப்பது ஊக்கு – அதை*
*நாங்க எண்ணறதுக்கு நாளைக்கு லீவு – அவா*
*ஆத்துக்காரர் கொஞ்சம் கிட்டக்க வந்தா*
*ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமாம்!*

வித்யாவின் புருஷன் எழுந்து நின்று கையைக் காட்டுகிறார், விரலில் ஒரு பிளாஸ்திரி, அது காய் நறுக்கினதோ என்னவோ, ஹால் இடிந்து விழுகிற சிரிப்பு. வித்யா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறாள். தாண்டிவிட்டோம். முதுகில் வேர்வை குளிர்ந்து, விசிறிக் காற்று ரவிக்கைக்குள் நுழைகிறது, என்ன நிம்மதி, இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், ஐந்தாவதைப் பாடி முடித்துவிட்டால் அப்பளம் உடைத்து ஆரத்தி எடுத்துவிடுவார்கள், கீழே போண்டா போடுகிற வாசனை வருகிறது. மெதுவாக, இறங்கின சுருதியில் கடைசியை எடுக்கிறேன்.

*சொன்னது எல்லாம் சும்மா தானே*
*சம்பந்தி எல்லாம் தங்கம் தானே*
*கன்னம் சிவக்கக் கோபம் வேண்டாம் – எங்க*
*கண்மணி இனிமே உங்காத்துப் பொண்ணு!*

பாடிக்கொண்டே அவரைப் பார்க்கிறேன். ஏன் பார்த்தேன். முன்பக்கம் சாய்ந்திருந்தவர் மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இருக்கிறது, மற்றவர்களோடு சேர்ந்து கையும் தட்டுகிறார், ஒவ்வொரு தட்டும் தாளத்துக்குச் சரியாக விழுகிறது. ஆனாலும் எங்கேயோ பார்த்திருக்கிறேன் இந்தச் சிரிப்பை. எல்லா இலைக்கும் பாயசம் போட்டுக்கொண்டு வந்தவர் ஒரு இலையைப் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டால், அந்த இலைக்காரர் பரவாயில்லை பரவாயில்லை என்று தானே சிரித்துக்கொள்வாரே, அது. நான் என்ன செய்துவிட்டேன். நோகக்கூடாது என்று விட்டேன். விட்டதுதான் நோகிறது. பிள்ளைக்கு இருக்கிறது, பெண்டாட்டிக்கு இருக்கிறது, பெண்ணுக்கு இருக்கிறது, பெண்ணின் புருஷனுக்குக்கூட ஆஸ்பத்திரி கிடைத்தது, அவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கேலி செய்ய லாயக்கில்லாத மனுஷன் என்றா, இல்லை கேலி செய்தால் கோபித்துக்கொள்வார் என்றா, எதை நினைத்தாலும் தப்பு. நம் வீட்டுக்காரர் என்று எண்ணாதவரைத்தான் யாரும் கேலி செய்வதில்லை. இந்தச் சட்டம் என் நோட்டில் எப்படி இல்லாமல் போயிற்று? லலிதா மாமி கேட்டேவிட்டாள், உரக்க, சிரித்துக்கொண்டுதான், ஆனால் கேட்டுவிட்டாள். "ஏன்டியம்மா, எங்காத்து மாமாவுக்கு ஒண்ணும் கிடையாதா? அவர் என்ன மூணாம் மனுஷாளா?" எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். யமுனாவின் வாய் ஆறு என்று குவிகிறது. அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்துகிறேன்.

"இருக்கே மாமி! அதுக்குத்தான் கடைசியா வெச்சேன்" என்கிறது என் வாய். என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. ரயில் இல்லை, மணி இல்லை, கடிகாரம் இல்லை, சீக்கிரம் இல்லை, முன்னால் இல்லை, பெட்டி இல்லை. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் அவரைப்பற்றி எனக்கு என்ன தெரியும், ரசம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டார், கணக்கு வாத்தியார், வாத்தியார் என்றால் என்ன செய்வார், திருத்துவார். திருத்துவார்! நேற்றுச் சாயங்காலம் நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் வந்து இறங்கினபோது நான் வாசலில் இருந்தேன், தெர்மாகோல் எழுத்தில் பேர்ப் பலகை, மௌலி வெட்ஸ் அபர்னா என்று, ரெண்டு சுழி ன போட்டு வைத்திருந்தான் அலங்காரக்காரன். எங்கள் பக்கத்தில் ஐம்பது பேர் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மாமா பைகூடக் கீழே வைக்காமல் நின்றார், யாரிடமோ ஒரு மார்க்கர் வாங்கினார், இன்னொரு சுழியை அவர் கையாலேயே சேர்த்தார், ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார், சரி என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். சுழி. எண்ணுவார். கோலத்துக்கும் சுழி உண்டு. கை தட்டுகிறேன், மெட்டு முதலில் வரட்டும், நாலு தட்டு, இன்னும் நாலு தட்டு, யமுனா குழம்பிப்போய்க் கூடவே தட்டுகிறாள். வாயைத் திறக்கிறேன். இரண்டாவது வரி என்ன என்று தெரியாமலே முதல் வரி போய்விட்டது.

*ரெண்டு சுழியில எழுதின பேரை – மாமா*
*மூணு சுழியாத் திருத்திட்டாராம்*
*நாளைக்கு இவ போடற கோலத்தையும் – மாமா*
*நின்னு சுழி எண்ணித் திருத்துவாரோ!*

ஒரு நொடி. இந்த ஒரு நொடியை நான் இருபது வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன், எல்லாக் கல்யாணத்திலும், சொல் போய்ச் சேர்ந்து சிரிப்பு திரும்பி வருவதற்கு நடுவில் இருக்கிற இந்த இடம். அவர் முகத்தைத் தவிர ஹாலில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த முகம் முதலில் ஆச்சரியப்பட்டது, நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாயா என்கிற மாதிரி, பிறகு புருவம் ஏறி, முன்பல் எல்லாம் தெரிய, முழங்காலில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டு சிரிக்கிறார். மாமி அவர் தோளை இடிக்கிறாள், "நன்னா வேணும், என் கோலத்துல முப்பது வருஷமாப் புள்ளி எண்ணினேளே!" இரண்டாம் தரம் பாடும்போது பின்னால் மூன்று பேரும் வரியைப் பிடித்துவிட்டார்கள், யமுனா திருத்துவாரோ என்பதில் ஒரு சின்னச் சுழி போடுகிறாள் குரலில், அபர்ணா நலங்குக் கிண்ணத்தோடு மாமனாரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், மூணு சுழிப் பெண்.

மாமா எழுந்து நிற்கிறார். கையை உயர்த்துகிறார், வகுப்பில் சத்தத்தை அடக்குகிற மாதிரி, ஹால் நிஜமாகவே அடங்குகிறது. "இது ரொம்ப நன்னாயிருந்தது. ஆனா சாருமதி, என்னோட இன்னொரு பாட்டு எங்கே?" என்கிறார். எந்தப் பாட்டு மாமா என்று கேட்கிறேன், குரல் எனக்கே கேட்கவில்லை. "ரயில் பாட்டு. நீங்க அஞ்சு பேரும் மூணாம் மாடி ரூம்ல ஒத்திகை பாத்தேளே. நாலு மணி நலங்குக்கு நான் பன்னண்டு மணிக்கே கிளம்பி வந்துட்டேன், வழி தெரியாம ஒரு மாடி கூட ஏறிட்டேன். கதவு சாத்தியிருந்தது. வெளியில நின்னு முழுசாக் கேட்டேன். சிக்னல் விளக்கைத் துடைப்பாராம்னு வந்தப்போ எனக்கு அங்கேயே சிரிப்புத் தாங்கலை, வாயைப் பொத்திண்டு இறங்கி வந்துட்டேன். அதுக்காகத்தான் முன் வரிசைல உக்காந்துண்டிருக்கேன். அதைப் போய் ஒளிச்சு வெச்சுட்டியே!" வித்யாவைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். ரயில் என்ற சொல்லில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, ஏன் சுருதி மேலே போயிற்று, ஏன் தாண்டினேன், குழாயடியில் ஏன் அப்படி நின்றேன், எல்லாம். அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். என்னால் எடுக்க முடியவில்லை, ஆறு என்கிற சொல் நாக்கில் ஏறமாட்டேன் என்கிறது, மாமா மன்னிச்சுக்கோங்கோ, அது அவ்வளவு நன்னா வரலை என்று ஏதோ முணுமுணுக்கிறேன். "நீ பாடலைன்னா போ, நான் பாடிக்கறேன்" என்று அவர் தானே கையைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். சுருதியும் இல்லை, மெட்டும் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகம். ஆறு மணிக்கொரு ரயிலுக்கு மாமா. ஆறு மணியைச் சொன்னபோது அவர் குரலில் ஏதாவது தட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒன்றும் இல்லை, இருந்தால் அது அவருக்குத்தான் தெரியும். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். விரலை ஆட்டினார். "இதுல ஒரு தப்பு இருக்கு. மூணு மணி இல்லைம்மா. நான் முழிச்சுக்கறது ரெண்டு மணிக்கு." அப்புறம் திருத்தின வரியோடு முதலிலிருந்து பாடினார், ரெண்டு மணிக்கே முழிச்சுப்பாராம், அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வருமுன்னே போய், சிக்னல் விளக்கு வருவதற்குள் அவருக்கே சிரிப்பு வந்து வரி உடைந்துபோயிற்று. யமுனாதான் எடுத்து முடித்தாள். பின்னால் மூன்று பேர். மௌலி. மாமி. கடைசியில் நானும் பாடிக்கொண்டிருக்கிறேன், துடைப்பாராம் துடைப்பாராம் என்று, கன்னம் ஈரமாக இருக்கிறது, பரவாயில்லை, சிரித்தாலும் ஈரமாகும்.

அப்பளம் வந்தாயிற்று. பெரிய அப்பளம், ஆளுக்கு இரண்டு, அபர்ணா மௌலியின் தலையைச் சுற்றி அப்பளத்தை அப்பளத்தோடு மோதுகிறாள், பொடி அவன் வாரின தலையெல்லாம் விழுகிறது. அவன் பதிலுக்கு மோதும்போது இவள் குனிந்துவிடுகிறாள், அப்பளம் என் தோளில் உடைகிறது. எண்ணெய் வாசனை. அவர் அதை மறந்துவிட்டாரா, அந்த ஆறு மணி வண்டியை, இல்லை அதைத் தெரிந்தே கையில் எடுத்து இப்படிப் பாடிவிட்டாரா, நான் கேட்கப்போவதில்லை, கேட்க எனக்கு என்ன பாத்தியதை. ஒரு மனுஷர் தன் விஷயத்தில் எதைச் சிரிக்கலாம் எதைச் சிரிக்கக்கூடாது என்பதை அவர் அல்லவா சொல்லவேண்டும், நான் குழாயடியில் நின்று முடிவுசெய்துவிட்டேன். அப்படி முடிவுசெய்ததும் தப்பில்லை என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. தெரிந்தபிறகு நானாக எப்படிப் பாடுவேன். அவர் பாடினார், அது வேறு. வித்யா நாற்காலிகளுக்கு நடுவில் நுழைந்து வந்து ஜமக்காளத்தில் என் பக்கத்தில் தொப்பென்று உட்காருகிறாள், என் தோளிலிருந்து அப்பளத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். "பயந்துட்டியா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறேன். "நல்ல பொண்ணு" என்று முதுகில் ஒரு அடி. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஹாலைப் பார்த்துக் கையைத் தட்ட ஆரம்பிக்கிறாள், நாலு தட்டு, இன்னும் நாலு, என் மெட்டு. "பொண்ணாத்துக்காரா பாடினா போதுமா? எங்களுக்கு வாய் இல்லையா?" அவர்கள் பக்கத்துப் பெண்கள் ஓவென்று கிளம்புகிறார்கள். *பாட்டு கட்டின சாருமதிக்கு* என்று அவள் எடுக்கிறாள், அடுத்த வரி அவளுக்கே இன்னும் தெரியாது, முகத்திலேயே தெரிகிறது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுகிறாள். பதினோரு கல்யாணத்தில் பாடியிருக்கிறேன், யாரும் என் பேரை ஒரு மெட்டில் வைத்ததில்லை. சா-ரு-ம-தி. நன்றாக உட்காருகிறது. அவள் மறுபடி முதல் வரியையே பாடுகிறாள், கூட்டம் கூடச் சேர்கிறது, பஞ்சாபகேசன் மாமா தாளம் தவறாமல் தட்டுகிறார், வித்யாவுக்கு வரி கிடைத்துவிட்டது, வாயைத் திறக்கிறாள், நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்னைப்பற்றி என்னதான் சொல்லப்போகிறாள் என்று, இதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.